z³ − 1-க்கு நியூட்டன் முறை: படம் சரியா வரலன்னா எங்க பாக்கணும்

தொடுகோடு போட்டு ரூட் தேடுற நியூட்டன் முறைய z³ − 1 மேல ஓட்டி, எந்த பிக்சல் எந்த ரூட்டுக்கு போகுதோ அந்த கலர அடிச்சா மூணு கலர்ல ஒரு படம் வரணும். பாதி பேருக்கு மொத தடவை வராது, வர்ற கோளாறும் திரும்பத் திரும்ப அதே அஞ்சாறுதான், அதனால அறிகுறி வாரியா எழுதிட்டேன், உங்க படத்துக்கு எது பொருந்துதோ அங்க நேரா போய்க்கலாம்.

நான் பேசுற கோட் இதுதான், பைத்தான்ல நம்பை வெச்சு:

```python
import numpy as np
x = np.linspace(-2, 2, 800)
X, Y = np.meshgrid(x, x)
z = X + 1j*Y
for k in range(60):
    z = z - (z**3 - 1)/(3*z**2)
roots = np.exp(2j*np.pi*np.arange(3)/3)
d = abs(z[..., None] - roots)
who = d.argmin(axis=-1)
who[~(d.min(axis=-1) < 1e-6)] = 3
```

ரூட் மூணு: 1, அப்புறம் −0.5 + 0.866i, −0.5 − 0.866i. கீழ இதுங்கள 1, மேல் ரூட், கீழ் ரூட்னு சொல்றேன். `who`-ல 0, 1, 2 முறையே அதுங்க, 3-ன்னா எங்கயும் சேரலன்னு அர்த்தம், அத கருப்பா வெச்சுக்கோங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல படத்த மூடிட்டு ஒரே ஒரு நம்பர கையால போட்டு பாருங்க. z = −0.5 குடுத்தா ஒரே ஸ்டெப்ல சரியா 1 வரணும், கிட்டத்தட்ட இல்ல, சரியா 1. ஏன்னா ஒரு ஸ்டெப்புக்கு அப்புறம் 1-லேர்ந்து இருக்கற தூரம் `(z-1)**2 * (2*z+1) / (3*z**2)`, −0.5-ல அந்த `2*z+1` பூஜ்யம் ஆயிடும். இது வரலன்னா கோளாறு ஃபார்முலாலயே இருக்கு, கலர் கோட நோண்டி பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது செக் z = i. வரிசையா −0.3333 + 0.6667i, −0.5822 + 0.9244i, −0.5088 + 0.8682i, −0.5001 + 0.8660i-ன்னு போய் மேல் ரூட்ல உக்காரும். இந்த ரெண்டும் சரின்னா இட்டரேஷன் சரி, மிச்சம் கலர், எண்ணிக்கை, ஸ்க்ரீன் சமாச்சாரம்.

## அறிகுறி 1: படம் பூரா ஒரே கலர்

### z காம்ப்ளெக்ஸாவே இல்ல

செலவே இல்லாத காரணம் இது. `X + 1j*Y`-ல `1j` விட்டுப்போய் `X + Y` ஆயிருக்கும். அப்போ எல்லாமே ரியல் நம்பர். ரியல் நம்பர்ல ஆரம்பிச்சா இந்த முறை ரியல் கோட்ட விட்டு வெளிய போகவே போகாது, அங்க இருக்கற ஒரே ரூட் 1, அதனால நெகட்டிவ்ல ஆரம்பிச்சாலும் சுத்தி வந்து 1-லதான் நிக்கும். `z.dtype` அடிச்சு பாருங்க, `complex128` வரணும், `float64`-ன்னு வந்தா கத முடிஞ்சுது.

### பிராக்கெட் விட்டுப்போச்சு

`(z**3 - 1)/(3*z**2)`-க்கு பதிலா `(z**3 - 1)/3*z**2`-ன்னு அடிச்சிருப்பீங்க. கம்ப்யூட்டர் இத இடமிருந்து வலமா படிக்கும், 3-ஆல வகுத்துட்டு z²-ஆல பெருக்கும். இதுல கொடுமை என்னன்னா 1 பக்கத்துல இது ஒழுங்காவே வேல செய்யும், அதுவும் வேகமா. 1.1 குடுத்து டெஸ்ட் பண்றவங்க "ஃபார்முலா சரிதான்"னு முடிவு பண்ணிடுவாங்க. ஆனா மேல் ரூட், கீழ் ரூட் கிட்ட போனா ஒவ்வொரு ஸ்டெப்லயும் தப்பு √3 மடங்கு பெருகும், அதாவது அந்த ரெண்டு ரூட்டும் புள்ளிய இழுக்கறதுக்கு பதிலா தள்ளி விடும். `3*z**2`-க்கு பதிலா வெறும் `3*z` அடிச்சாலும் இதே கததான்.

இதுக்குத்தான் −0.5 செக். பிராக்கெட் இல்லாத கோட்ல −0.5 குடுத்தா −0.40625 வரும், அப்புறம் பூஜ்யத்த நோக்கி ஆமை மாதிரி நகரும், 60 ஸ்டெப்ல எங்கயும் சேராது. தூரத்துல ஆரம்பிச்ச புள்ளிங்க அதுக்கு நேர்மாறா நாலஞ்சு ஸ்டெப்ல பிச்சிட்டு போய் ஓவர்ஃப்ளோ ஆயிடும்.

### NaN எல்லாம் 1-ஓட கலர்ல ஒளிஞ்சிருக்கு

மேல சொன்ன பிராக்கெட் தப்புக்கு படத்துல நிறைய கருப்பு வந்திருக்கணும் இல்லியா, ஏன் நிறைய பேருக்கு கருப்புக்கு பதிலா 1-ஓட கலரே அப்பிக்கிட்டு நிக்குது? கடைசி வரிய பாருங்க. பெரும்பாலானவங்க அத இப்படி எழுதுவாங்க:

```python
who[d.min(axis=-1) > 1e-6] = 3
```

படிக்க ஒண்ணுதான், ஆனா NaN-ஐ எதோட ஒப்பிட்டாலும் பதில் பொய்தான் வரும், `>` போட்டாலும் பொய், `<` போட்டாலும் பொய். அதனால ஓவர்ஃப்ளோ ஆகி NaN ஆன பிக்சல் இந்த சல்லடைல மாட்டாது. அதுக்கு முன்னாடியே `argmin` NaN-ஐ பாத்தா மொத இடத்தையே, அதாவது 0-வ திருப்பி குடுத்துடும், 0-ன்னா நம்ம கணக்குல ரூட் 1. ஆக செத்துப்போன பிக்சல் எல்லாம் ரூட் 1-க்கு போய் சேந்த மாதிரி கலர் வாங்கிக்கும். அதனாலதான் நான் "சின்னதா இருக்கா"ன்னு கேட்டு அத `~` போட்டு திருப்பி எழுதறேன். `np.isnan(z).sum()` எவ்வளவுன்னு எப்பவும் ஒரு தடவ ப்ரிண்ட் பண்ணிடுங்க, மேல இருக்கற 800 கிரிட்ல அது 0 வரணும்.

## அறிகுறி 2: அங்கங்க கருப்பு திட்டு

மொதல்ல கருப்பு எங்க இருக்குன்னு பாருங்க, அத வெச்சு வழி ரெண்டா பிரியுது.

### நடுவுல ஒரு வட்டம், அதே மாதிரி சின்னச்சின்னதா சுத்தி

இது இட்டரேஷன் எண்ணிக்கை பத்தாததுதான், வேற ஒண்ணும் இல்ல. யாரோ 20 ஸ்டெப் போதும்னு சொல்லிருப்பாங்க, ரூட் பக்கத்துல ஆரம்பிச்சா அஞ்சாறே போதும்கறது உண்மதான், ஆனா பூஜ்யத்துக்கு பக்கத்துல கத வேற.

z = 0.01 எடுத்துக்கோங்க. மொத ஸ்டெப்லயே அது சுமார் 3333-க்கு தூக்கி அடிக்கப்படும், ஏன்னா அங்க சரிவு கிட்டத்தட்ட பூஜ்யம், தொடுகோடு எங்கயோ தூரத்துல போய்தான் அச்ச வெட்டும். அவ்வளவு தூரம் போனப்புறம் ஒரு ஸ்டெப்புக்கு மூணுல ரெண்டு பங்காதான் சுருங்கி வரும், 2222, 1481, 988-ன்னு. பத்தொன்பதாவது ஸ்டெப்ல 2.30 கிட்ட இருக்கும், இருபதுல 1.59, அப்போ உங்க லூப் முடிஞ்சு போச்சு, பிக்சல் கருப்பு. இன்னும் நாலே நாலு ஸ்டெப் விட்டிருந்தா 1.19, 1.03, 1.0009, அப்புறம் 1.0000007, அதாவது இருபத்தி நாலாவதுல 1e-6 டாலரன்ஸுக்குள்ள வந்திருக்கும்.

20-லயே நிறுத்தினா நடுவுல ஏறக்குறைய 0.025 ஆரத்துக்கு கருப்பு வட்டம், 800 பிக்சல் படத்துல அது ஒரு பத்து பிக்சல் அகலம். இதே திட்டு இன்னும் சின்னதா −0.7937-லயும், அத 120 டிகிரி திருப்பின ரெண்டு இடத்துலயும் (0.3969 ± 0.6874i) வரும், ஏன்னா அந்த மூணு புள்ளியும் அடுத்த ஸ்டெப்ல நேரா பூஜ்யத்துல போய் விழறவங்க.

செக்: எண்ணிக்கைய 40 ஆக்குங்க. ரெண்டு ஸ்டெப் கூட்டினா கருப்போட ஆரம் மூணுல ரெண்டா குறையும், இருபது கூட்டினா ஒரு பிக்சலுக்கும் கீழ போயிடும். 60 போட்டா நிம்மதி. டபுள் ப்ரிசிஷன்ல −0.7937-க்கு ரொம்ப ஒட்டி விழுந்தா அது 1e-16 கிட்ட வந்து 1e31 கிட்ட தூக்கி எறியப்பட்டு திரும்பி வர ஒரு 180 ஸ்டெப் எடுக்கும், அதனால ஒரு பிக்சல் கூட விடக்கூடாதுன்னா 200 வைங்க. அதுக்கு மேல வெச்சு ராத்திரி பூரா ஓட்டறதுல அர்த்தமே இல்ல.

### எண்ணிக்கை கூட்டியும் கருப்பு சுருங்கல

அப்போ உங்க கோட் z³ − 1-ஐ தீக்கல. இத நான் தைரியமா சொல்றேன், ஏன்னா இந்த ஃபங்ஷனுக்கு நிரந்தர கருப்பு பரப்பே கிடையாது. ரூட்டுக்கு போகாம ஒரு வட்டத்துலயே மாட்டிக்கற புள்ளிங்க ஒரு பரப்பா சேரணும்னா, இட்டரேஷனோட டெரிவேட்டிவ் பூஜ்யமாகற புள்ளில ஒண்ணாவது அந்த சுழல்ல மாட்டியிருக்கணும், இங்க அப்படிப்பட்ட புள்ளிங்க மூணு ரூட்டும் அப்புறம் பூஜ்யமும்தான், பூஜ்யமோ முடிவிலிக்கு போயிடுது. மாட்டறதுக்கு ஆளே இல்ல.

வேற ஃபங்ஷன்ல உண்மையான கருப்பு வரும், அத ஒரு தடவ பாத்து வெச்சுக்கறது நல்லது. z³ − 2z + 2 போட்டு 0-ல ஆரம்பிங்க: அடுத்தது 1, அதுக்கடுத்தது 0, திரும்ப 1. அதுக்கு சுத்தி இருக்கற ஒரு பரப்பும் இதே ஊஞ்சல்ல மாட்டிக்கும், எவ்வளவு ஸ்டெப் விட்டாலும் கருப்புதான். வேற எங்கயிருந்தாவது கோட் காப்பி பண்ணிருந்தா ஃபங்ஷன் வரில என்ன இருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க.

## அறிகுறி 3: divide by zero வார்னிங், ஆனா படம் நல்லாதான் இருக்கு

கிரிட்ல ஒத்தப்படை எண்ணிக்கை வெச்சிருக்கீங்க. 801 போட்டா நடு பிக்சல் சரியா 0-ல விழும், அங்க டெரிவேட்டிவ் பூஜ்யம். 800-னா நடுல யாரும் இல்ல. ஒரே ஒரு பிக்சல் விஷயம், 800 ஆக்கிட்டு போய்டுங்க. கீழ வகுக்கற இடத்துல சின்னதா 1e-10 கூட்டி சமாளிக்கறத பாத்திருக்கேன், வேணாம், அது ஃபங்ஷனையே மாத்தற வேல.

நம்பை இல்லாம சாதா பைத்தான் லூப்னா வார்னிங் வராது, `ZeroDivisionError`-னு நின்னே போயிடும், அங்க `if z == 0` போட்டு அந்த ஒரு பிக்சல விட்டுடலாம்.

## அறிகுறி 4: மூணு கலரும் வருது, ஆனா ரொம்ப மெதுவா சேருது

1.1-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஸ்டெப்லயும் z − 1 எவ்வளவுன்னு ப்ரிண்ட் பண்ணுங்க. சரியான கோட்ல 0.1, அப்புறம் 0.0088, அப்புறம் 0.000077, அப்புறம் 0.000000006. ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட முன்னதோட வர்க்கம்.

வர்க்கமா குறையாம ஒரே விகிதத்துல குறைஞ்சா டெரிவேட்டிவ் தப்பு, அந்த விகிதமே எது தப்புன்னு காட்டி குடுத்துடும். 0.1, −0.037, 0.021, −0.0096-ன்னு குறி மாறி மாறி பாதி பாதியா வந்தா `3*z**2`-க்கு பதிலா `2*z**2` போட்டிருக்கீங்க. குறி மாறாம ஒவ்வொரு தடவையும் ஆறுல ஒரு பங்கு மாதிரி குறைஞ்சா டெரிவேட்டிவ லூப்புக்கு வெளிய ஒரே தடவ கணக்கு பண்ணி வெச்சுட்டு அதையே யூஸ் பண்றீங்க, உள்ள நகத்துங்க. இந்த ரெண்டு தப்புலயும் ரூட் பக்கத்துல ஆரம்பிச்சா விடை கடைசில வந்துடும், அதனால கவனிக்காம விட்டுடுவாங்க, ஆனா கலரோட எல்லை எல்லாம் வேற இடத்துல விழும், அந்த படம் நியூட்டன் படமே இல்ல.

## அறிகுறி 5: படம் தலகீழா, இல்ல படுத்துக்கிட்டு இருக்கு

1-ஓட கலர் வலது பக்கம், மேல் ரூட் கலர் இடது மேல, கீழ் ரூட் இடது கீழ இருக்கணும். மேலயும் கீழயும் மாறி இருந்தா `imshow`-ல `origin="lower"` விட்டுப்போச்சு. 1-ஓட கலர் வலது பக்கம் இல்லாம மேலயோ கீழயோ இருந்தா X-ம் Y-ம் இடம் மாறிடுச்சு. அச்சுல 0-லேர்ந்து 800 வரைக்கும் நம்பர் காட்டினா `extent=[-2,2,-2,2]` குடுங்க, இல்லன்னா −0.7937 எங்கன்னு தேடவே முடியாது.

## அறிகுறி 6: எல்லை சுத்தமா வரல, பொடிப்பொடியா இருக்கு

இது கோளாறே இல்ல. ஆனா அதிகமா கேக்கப்படறது இதுதான். கிட்ட இருக்கற ரூட்டுக்குத்தானே போகணும், அப்போ 120 டிகிரிக்கு ஒண்ணா மூணு பங்கா நேர்கோட்டுல வெட்டின மாதிரி வரணுமேன்னு எதிர்பாத்து, வராததால டாலரன்ஸ மாத்தி, பிக்சல கூட்டி, ஸ்மூத்திங் போட்டு, கடைசில படத்த கெடுத்து வெச்சிருப்பாங்க.

"கிட்ட இருக்கற ரூட்"கறது ரூட்டுக்கு பக்கத்துல மட்டும்தான் செல்லுபடி. 1-லேர்ந்து 0.3 தூரத்துக்குள்ள எங்க ஆரம்பிச்சாலும் 1-க்குதான் போகும், மேல குடுத்த அந்த தூர ஃபார்முலால போட்டு நீங்களே சரி பாக்கலாம், மத்த ரெண்டு ரூட்டுக்கும் அதே. அதத் தாண்டினா உத்தரவாதம் இல்ல. −0.5 புள்ளி ஞாபகம் இருக்கா, அதுக்கு மேல் ரூட்டும் கீழ் ரூட்டும் 0.866 தூரத்துல இருக்கு, 1 இருக்கறது 1.5 தூரத்துல, இருந்தும் ஒரே தாவுல 1-க்கு போகுது.

ரெண்டு ரூட் இருக்கற z² − 1-க்கு நீங்க எதிர்பாக்கற சுத்தமான எல்லை உண்டு, நடுவுல ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். 1879-ல ஆர்தர் கெய்லி அத முடிச்சு காட்டிட்டு, மூணு ரூட் கேஸ் ரொம்ப கஷ்டமா தெரியுதுன்னு சொல்லி நிறுத்திட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இந்த படத்த யாரு மனசுல நெனச்சிருக்க முடியும்?

பொடி எங்கிருந்து வருதுன்னா, பூஜ்யத்துலேர்ந்து. அதுக்கு பக்கத்துல இருக்கற புள்ளிங்க தூரமா வீசப்படுதுன்னு பாத்தோம், எந்த திசைல வீசப்படும்கறது ஆரம்ப கோணத்தோட ரெண்டு மடங்கு, எதிர் பக்கமா. தூரத்துல மூணு திசைல மூணு கலர் இருக்கு, கோணம் ரெண்டு மடங்காகறதால பூஜ்யத்த ஒரு சுத்து சுத்தினா பெரிய பட்டை ஆறு வரும், வலதும் இடதும் ரெண்டுமே 1-ஓட கலர். இந்த ஆறு பட்டை டிசைன் அப்படியே −0.7937-ல காப்பி ஆகும், ஏன்னா அங்க இருக்கறவங்க அடுத்த ஸ்டெப்ல பூஜ்யத்த சுத்தி விழறாங்க. −0.7937-ல விழற புள்ளி ரியல் கோட்டுல −1.4338, அங்கயும் ஒரு காப்பி. இப்படியே வெளிய வெளிய போய்க்கிட்டே இருக்கும், உள்ளயும் அதே மாதிரி சின்னது சின்னதா.

இது நிஜமா, இல்ல உங்க கோட்டோட குப்பையான்னு தெரிஞ்சுக்க மூணு செக் இருக்கு.

எல்லைல ஏதாவது ரெண்டு கலர் ஒட்டற இடம் ஒண்ண எடுத்து பத்து மடங்கு பெருசாக்குங்க. மூணாவது கலர் உள்ள வந்தே ஆகணும். ரெண்டு கலர் மட்டும் சந்திக்கற எல்லைப்புள்ளி இந்த படத்துல எங்கயுமே இல்ல. ரெண்டு கலர் மட்டும் வழவழன்னு ஒட்டிக்கிட்டு எவ்வளவு பெருசாக்கினாலும் அப்படியே இருந்தா, அப்பதான் சந்தேகப்படணும்.

அடுத்தது `np.bincount(who.ravel())`. மேல் ரூட், கீழ் ரூட் எண்ணிக்கை ரெண்டும் ஒண்ணா வரணும், அதிகபட்சம் ஒண்ணு ரெண்டு பிக்சல் வித்தியாசம், ஏன்னா படம் ரியல் கோட்டுக்கு மேலயும் கீழயும் கண்ணாடி பிம்பம். 1-ஓட எண்ணிக்கை அதே வராது, அதுக்காக பதற வேணாம், சதுரத்த 120 டிகிரி திருப்பினா சதுரத்து மேலயே உக்காராது இல்லியா. `abs(X + 1j*Y) < 2` வெச்சு வட்டத்துக்குள்ள மட்டும் எண்ணினா மூணும் மூணுல ஒரு பங்கு கிட்ட வந்துடும்.

மூணாவது, −0.7937-ஐ நடுவுல வெச்சு 0.05 அகலத்துக்கு ஒரு படம், 0-வ நடுவுல வெச்சு 0.1 அகலத்துக்கு ஒரு படம் போட்டு பக்கத்துல பக்கத்துல வைங்க. அந்த இடத்துல ஒரு ஸ்டெப் சரியா ரெண்டு மடங்கா பெருசாக்குது, அதனால ரெண்டும் ஏறக்குறைய ஒரே படமா தெரியணும்.

## அறிகுறி 7: ஜூம் பண்ணினா கட்டம் கட்டமா உடையுது

மொதல்ல `complex64`-ஆன்னு பாருங்க. கிராஃபிக்ஸ் கார்ட்ல ஷேடரா எழுதினவங்களுக்கு பெரும்பாலும் இதுதான், சிங்கிள் ப்ரிசிஷன்ல −0.79 பக்கத்துல அடுத்தடுத்த நம்பருக்கு இடைவெளி 6e-8 மாதிரி, 1000 பிக்சல் படம்னா ஜன்னல் அகலம் 0.00005 வரும்போதே பக்கத்து பிக்சலெல்லாம் ஒரே நம்பராக ஆரம்பிச்சுடும். `complex128`-க்கு மாறினா அந்த இடைவெளி 1.1e-16, அகலம் 1e-12 வரைக்கும் தாராளமா போகலாம்.

அதுக்கும் கீழ போகணும்னா `mpmath` மாதிரி இஷ்டத்துக்கு இலக்கம் வெச்சுக்கற லைப்ரரி, ஆனா வேகம் படுத்துடும், 800 × 800-க்கு பதிலா 100 × 100 வெச்சு பாத்துட்டு அப்புறம் ஏத்துங்க. டிசைன் திரும்பத் திரும்ப அதேதான் வருது, அவ்வளவு ஆழத்துல புதுசா பெருசா ஒண்ணும் கெடைக்காது, எனக்கு அந்த செலவு தண்டம்னுதான் தோணும்.

நியூமெரிக்கல் அனாலிசிஸ் தெரிஞ்ச ஆள்கிட்ட போக வேண்டிய இடம்னு பாத்தா ரெண்டு. இந்த பிக்சல் இந்த ரூட்டுக்குதான் போகுதுன்னு ரவுண்டிங் தப்பையும் சேத்து நிரூபிச்சு குடுக்கணும்னா அதுக்கு இன்டர்வல் அரித்மெடிக் வேணும், கலர் படம் அதுக்கு சாட்சி ஆகாது. இன்னொண்ணு, z³ − 1-ல மேல சொன்ன செக் எல்லாம் பாஸ் ஆகி, உங்க சொந்த ஃபங்ஷன போட்டதும் எண்ணிக்கை கூட்டியும் சுருங்காத கருப்பு வருதுன்னா, போறதுக்கு முன்னாடி ஒரு கருப்பு பிக்சலோட ஆரம்ப z-ஐயும் அதோட கடைசி இருபது மதிப்பையும் ப்ரிண்ட் பண்ணி எடுத்துட்டு போங்க, படத்த மட்டும் காட்டினா அவங்களும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க.